ஊருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது

ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தியில் உட்கார்ந்திருந்த பதினோரு வயதுப் பெண்ணைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரக் கிழவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்து உனக்குத்தான். உனக்கென்னடி கவலை, மாப்பிள்ளையை வெளியில் தேட வேண்டாம். அத்தை மகனே இருக்கிறான்." சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த அந்தப் பதினைந்து வயது அத்தை மகன் காது சிவந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். பெண் தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்கினாள். எதிர்வரிசையில் இருந்த அவளுடைய அம்மாவுக்கும் பக்கத்தில் இருந்த அத்தைக்கும் அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அந்தப் பையன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

கிழவிக்கு அது தெரியாது. அந்தப் பந்தியில் இருந்த மற்றவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவர்களில், பதினோரு வருடமாகத் தெரியாமல் இருந்தவள் அந்தப் பெண் மட்டும்தான்.

பல வீடுகளில் பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து நான் கட்டிய வீடு இது. ஆனால் இதன் உறவுக் கணக்கு நம் ஊர்களில் புதிதல்ல. அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை தங்கவில்லை. தங்கைக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறக்கிறது. நாற்பதாம் நாள் தங்கை தன் குழந்தையை அண்ணியின் மடியில் வைக்கிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவாகிறது. பெற்றவள் அன்றிலிருந்து அத்தை. பிறப்பால் தாய்மாமனாக இருந்தவர் அப்பா. பிறப்பால் அண்ணனாக இருந்தவன் அத்தை மகன், அதாவது நம் வழக்கப்படி கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன்.

இந்தக் கடைசி மாற்றத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, தத்துப் போன நாளிலிருந்து குழந்தையை எல்லா வகையிலும் தத்தெடுத்தவர்களின் குழந்தையாகவே கொள்கிறது. பிறந்த வீட்டு உறவெல்லாம் அற்றுப்போகிறது. ஆனால் அதே பிரிவு ஒரு விலக்கும் வைக்கிறது: பிறந்த வீட்டிலேயே இருந்திருந்தால் யாரைத் திருமணம் செய்ய முடியாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் திருமணம் செய்ய முடியாது. முறை பார்த்துப் பெண் கட்டும் சமூகத்தில் இது ஏட்டோடு நிற்கும் விதி அல்ல. அத்தை மகனைக் காட்டிக் கேலி பேசுவது பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயது ஆகும்போதே தொடங்கிவிடுகிறது. உண்மை தெரியாத பெண் அந்தக் கேலியை மனதுக்குள் வளர்த்துக்கொண்டால், பிறகு அதை அவிழ்ப்பது யார் வேலை?

"வயது வரட்டும், புரிந்துகொள்ளும் பக்குவம் வந்ததும் சொல்லலாம்" என்பதுதான் இப்படிப்பட்ட பெற்றோர் வழக்கமாகச் சொல்வது. பக்குவம் பற்றிய இந்தக் கணக்கு தலைகீழானது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஜின்ஸ்கியும் அவரது குழுவினரும் தத்தெடுப்பைக் குழந்தைகள் எந்த வயதில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். நான்கு வயதுக் குழந்தை "என்னைத் தத்து எடுத்தார்கள்" என்று பெருமையாகச் சொல்லும். ஆனால் பிறப்பதற்கும் தத்துப் போவதற்கும் என்ன வேறுபாடு என்று அதற்குத் தெரியாது. ஆறு வயது வாக்கில் அந்த வேறுபாடு புரிகிறது. எட்டிலிருந்து பதினொன்றுக்குள், ஒரு வீடு என்னை எடுத்துக்கொண்டது என்றால் இன்னொரு வீடு என்னைக் கொடுத்திருக்கிறது என்ற மறுபக்கம் தெரியத் தொடங்குகிறது.

சிறு வயதிலிருந்தே கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த மறுபக்கம் மெல்ல மெல்ல வந்து சேரும். பதினொரு வயதில் முதன்முறையாகக் கேட்கும் பிள்ளைக்கு எடுத்ததும் கொடுத்ததும் ஒரே நிமிடத்தில் வந்து விழுகின்றன. பதினாறு வயதில் கேட்டால் "அப்படியென்றால் நான் யார்?" என்பதும் கூடச் சேர்ந்துகொள்கிறது. பக்குவம் கூடும் அளவுக்கு வலிக்கும் இடங்களும் கூடுகின்றன. அமண்டா பேடனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு 254 பேரிடம் நடந்தது, எல்லோரும் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களானவர்கள். மூன்று வயதுக்குப் பிறகு உண்மை தெரிந்தவர்களிடம் மனவேதனை கூடுதலாகவும் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவும் இருந்ததாக அது சொல்கிறது.

மூன்று வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கு இது ஆறுதலான செய்தி இல்லைதான். ஆனால் முடிவெடுக்க உதவும் செய்தி. நல்ல வயது ஒன்று முன்னால் காத்திருக்கிறது என்று நினைத்துத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. அதனால் எந்த வயதில் சொல்வது என்று யோசிப்பதைக் காட்டிலும், நமக்கு முன்னால் வேறு யார் சொல்லிவிடக்கூடும் என்று யோசிப்பது பயன் தரும். கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்து, விஷயம் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதிப் பார்க்கலாம். பாட்டி, சித்தப்பாக்கள், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், பிரசவம் பார்த்த நர்சு, பழைய தெருவில் குடியிருந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தாளின் பாதியைத் தாண்டும்போதே இது இரகசியமாக இருந்ததே இல்லை என்பது விளங்கிவிடும். ஒரு பாகப்பிரிவினைச் சண்டையில், ஒரு சித்தப்பாவின் வாயிலிருந்து, மிக மோசமான சொற்களில் அது வரக்கூடும்.

ஆட்கள் வாயை மூடினாலும் பள்ளிப் பாடம் பேசிவிடும். இரத்த வகையும் மரபியலும் பத்தாம் வகுப்புக்குள் பாடமாக வந்துவிடுகின்றன. அம்மாவும் அப்பாவும் 'ஓ' வகை என்றால் பிள்ளைக்கு 'பி' வகை வராது என்று மாணவி தானே கட்டம் போட்டுக் கண்டுபிடிப்பாள். மிக அரிய விதிவிலக்குகள் உண்டு, ஆனால் சந்தேகம் வந்த பிள்ளை விதிவிலக்கில் சமாதானம் அடையாது. போதாததற்கு, பீரோவில் பத்திரம் இருக்கிறது. பூப்பு விழாவில் முன்னால் நின்று செய்ய வேண்டிய அத்தையும் இருக்கிறாள். அவளால் அன்று அழாமல் இருக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நம் பதினோரு வயதுப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அவள் பெரியவளாகும் முன், பள்ளி மாறும் முன், அடுத்த விசேஷத்துக்கு முன். ஒத்திப்போடுவதாக இருந்தால் வாரக்கணக்கில் இருக்கட்டும், வருடக்கணக்கில் வேண்டாம். தேர்வு நடக்கிறது, வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது, குழந்தை உடல்நலம் இல்லாமல் படுத்திருக்கிறது என்றால் காத்திருக்கலாம். முழுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரம் நல்ல நேரம். காலையில் சொன்னால் மிச்ச நாள் முழுவதும் பெற்றோர் கண்முன் இருப்பார்கள். மறுநாள் பள்ளிக்குப் போய் முகத்தை மறைக்க வேண்டியதில்லை. பிறந்தநாள் கூடாது, பிறகு ஒவ்வொரு பிறந்தநாளும் அந்த நாளாகிவிடும். ஓடுகிற காரிலும் கூடாது, எழுந்து போக இடம் இருக்காது. இரவு தூங்கப் போகும் நேரத்தில் சொல்வது எல்லாவற்றிலும் மோசம்.

சொல்லும் முன் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள். உறவுக்குள் நடந்த தத்து என்றால் பெற்றவர்களிடம் முதலில் பேச வேண்டும். அனுமதி கேட்க அல்ல, நாளைச் சொல்ல. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அத்தை மகனுக்குத் தத்து நடந்தபோது நான்கு வயது. அம்மாவின் வயிறு பெருத்ததும், தங்கச்சி வந்ததும், பிறகு அந்தத் தங்கச்சி மாமா வீட்டுக்குப் போனதும் அவனுக்கு மங்கலாக நினைவிருக்கிறது. "வெளியே சொல்லக்கூடாது" என்று அவனை மிரட்டியதும் நினைவிருக்கிறது. நான்கு வயதுப் பையன் தலையில் ஏற்றிய பாரம் அது. பந்தியில் அவன் காது சிவந்தது வெட்கத்தால் மட்டும் இல்லை.

யார் சொல்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து, அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். பெற்றவள் அந்த அறையில் இருக்கக்கூடாது. இருந்தால் குழந்தை தன் மனதைப் பார்த்துக்கொள்வதற்குப் பதில் மூன்று பெரியவர்களின் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, யாரும் வருத்தப்படாமல் எப்படி நடந்துகொள்வது என்று யோசிக்கத் தொடங்கிவிடும்.

சொற்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டோம். முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தப்பு. உன்னை வயிற்றில் சுமந்து பெற்றது அத்தை. நாற்பதாவது நாள் உன்னை நாங்கள் தத்து எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து நீ எங்கள் மகள். அது மாறாது." அரை நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினமான பகுதி. பெரியவர்களுக்கு மௌனம் தாங்காது, விளக்கத்தைக் கொட்டத் தோன்றும்.

அந்த ஐந்தாறு வாக்கியங்களில் மன்னிப்பு முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்த பிள்ளைக்கு நாம் சொல்வது ஒரு செய்தி அல்ல, இரண்டு. நீ தத்துப் பிள்ளை என்பது ஒன்று. இத்தனை வருடம் உன்னிடம் மறைத்தோம் என்பது மற்றொன்று. பெற்றோர் முதல் செய்திக்கு மட்டும் ஒத்திகை பார்த்துவிட்டு உட்காருகிறார்கள். பிள்ளை இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பெண் வெகுநேரம் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு முதலில் கேட்டது, "என்னை ஏன் கொடுத்தார்கள்?" என்பதல்ல. "பாட்டிக்குத் தெரியுமா?" தெரியும். "அண்ணனுக்கு?" தெரியும். "அப்போது எல்லோருக்கும் தெரியும்." அதோடு எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுதி வைத்த பெயர்ப் பட்டியல் இங்கேதான் கைகொடுக்கிறது. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டால் ஒருவரையும் விடாமல் சொல்ல வேண்டும். "பாட்டிக்கு மட்டும்தான்" என்று ஒரு சின்னப் பொய் சொல்லி, அது நாலு நாளில் உடைந்தால், அதற்கு முன் சொன்ன உண்மையும் சேர்ந்து உடையும்.

அழகாக ஒலித்துக் காயப்படுத்தும் வாக்கியங்கள் சில உண்டு. "உன்னை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்" என்பது அவற்றுள் ஒன்று. எட்டு வயது தாண்டிய பிள்ளை அதைக் கேட்டதும், வேறொருவர் தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கணக்குப் போடும். தேர்ந்தெடுத்ததற்கு நன்றியாக நடக்க வேண்டும் போலிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளும். "உன்மேல் இருந்த பாசத்தால்தான் அத்தை எங்களிடம் கொடுத்தாள்" என்பது இன்னும் ஆபத்து. பாசம் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்றால், இவர்களும் பாசமாகத்தானே இருக்கிறார்கள்? உறவுக்குள் தத்தில் வரும் மிகக் கூர்மையான கேள்விக்கும் இது பதிலாகாது: "அண்ணனையும் அக்காவையும் வைத்துக்கொண்டு என்னை மட்டும் ஏன்?"

அந்தக் கேள்வி வரும், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் வரும். அதற்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மூன்று முறை கரு கலைந்தது. அத்தை மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. நீ எப்படிப்பட்ட குழந்தை என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே, நீ பிறப்பதற்கு முன்பே எடுத்த முடிவு. கொடுக்கப்பட்டதற்குக் காரணம் தன்னிடம் இருந்த ஏதோ குறை அல்ல என்பதுதான் பிள்ளை தேடும் விடை. பெற்றவளின் மனம் என்ன பாடுபட்டது என்பதை அத்தையே பின்னால் ஒரு நாள் சொல்லட்டும், அவள் சார்பில் இவர்கள் கதை கட்ட வேண்டாம். நடந்ததில் குழந்தைக்குச் சொல்ல முடியாத கொடுமை ஏதும் இருந்தால், அதை வயதுக்கு ஏற்பப் பகுதி பகுதியாகச் சொல்லலாம். "இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நீ பெரியவளானதும் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்வது பொய் ஆகாது. அதன் இடத்தில் வேறொரு கதையை வைப்பதுதான் பொய்.

கேட்காமலே மனதுக்குள் ஓடும் கேள்வி ஒன்றும் உண்டு: நான் அடம்பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா? இதற்குச் சட்டத்தின் 15ஆவது பிரிவு நேரடியாகப் பதில் சொல்கிறது. முறையாக நடந்த தத்தை எடுத்தவர்களோ வேறு யாருமோ ரத்து செய்ய முடியாது. குழந்தையும் அதை உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. பத்திரத்தை எடுத்து வந்து, கையெழுத்துகளைக் காட்டி, இதைச் சொன்னபோது அந்தப் பெண் நாள் கணக்கில் முதல்முறையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காகிதத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

காகிதமே இல்லாத வீடுகளும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்தே குழந்தையை வாங்கி, பிறப்புச் சான்றிதழில் தாங்களே பெற்றதாகப் பதிந்துகொண்டவர்கள். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் முறை மீறிக் குழந்தையைக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. எனவே இவர்களுடைய பயத்தில் நியாயம் உண்டு. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் அந்தப் பயம் பெற்றோருடையது, குழந்தையின் கேள்வியை அது தள்ளிவைக்க முடியாது.

தத்தெடுப்பு மையம் வழியாக வந்த பிள்ளைகளின் நிலை வேறு. அங்கே பெற்றவள் அடுத்த தெருவில் இல்லை, பெரும்பாலும் பெயர்கூடத் தெரியாது. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த முதல் குழந்தைகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல். "என்னைப் பெற்றவர் யார்?" என்று அப்படிப்பட்ட பிள்ளை கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். மையம் கொடுத்த குழந்தை ஆய்வறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் பெற்றோர் பத்திரமாக வைத்திருந்து காட்டலாம். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் விதிகள் வேர் தேடலுக்கு வழி வைத்திருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழ் என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பெற்றவர் தன் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவருடைய சம்மதம் தேவை. தேடினால் கிடைத்துவிடும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

நம் பெண்ணின் வீட்டுக்குத் திரும்புவோம். முதல் இரண்டு வாரம் அவள் ஒன்றுமே நடக்காதது போல் இருந்தாள். "நன்றாக எடுத்துக்கொண்டாள்" என்று அப்பா ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். அது அவசரம். மூன்றாம் வாரம் தலை பின்னிவிடும்போது இழுத்துவிட்டது என்று ஒரு சண்டை. "நீ என் அம்மாவே இல்லை!" என்று கத்தினாள். அம்மா அழவும் இல்லை, "இவ்வளவு செய்தும் இப்படியா" என்று ஆரம்பிக்கவும் இல்லை. "கோபமாக இருக்கிறாய். நான் உன் அம்மாதான். முடிச்சு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, திரும்பு" என்றாள். இந்த வாக்கியம் வந்தே தீரும் என்று எதிர்பார்த்து வைத்திருந்ததால்தான் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. பாத்திரம் தாங்குகிறதா என்று தட்டிப் பார்க்கும் சத்தம் அது.

கத்துவது கவலைப்பட வேண்டிய அறிகுறி அல்ல. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெடுவது, தோழிகளை அடியோடு விடுவது, பள்ளி திறந்த பிறகு போக மறுப்பது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று விளையாட்டாகக்கூடச் சொல்வது, இவைதான் அறிகுறி. அப்போது குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் இலவச மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டிலும் பிள்ளையே நேரடியாகப் பேசலாம்.

பள்ளித் தோழிகளுக்குச் சொல்லலாமா என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் பெற்றோரின் நாக்கு நுனியில் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் பழைய மறைப்பில் அவளையும் ஒரு காவலாளி ஆக்கியதாக இருந்திருக்கும். இது வெட்கப்பட வேண்டிய இரகசியம் இல்லை, உன் சொந்த விஷயம், யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம் என்றார்கள். அவள் ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அந்தத் தோழி, "அப்போ உனக்கு ரெண்டு வீட்டிலும் தீபாவளித் துணி கிடைக்குமா?" என்று கேட்டாளாம்.

அத்தையை என்னவென்று கூப்பிடுவது என்ற பேச்சைப் பெரியவர்கள் யாரும் எடுக்கவில்லை. அவள் அத்தை என்றே கூப்பிட்டாள். ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் பழைய ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அத்தை நிறைமாதமாக நிற்கும் படம் ஒன்று அதில் இருந்தது. அதைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டாள்.

ஆவணியில் இன்னொரு கல்யாணம். அதே கிழவி, அதே பேச்சு. "அவன் எனக்கு அண்ணன், பாட்டி" என்றாள் பெண். "முறை தெரியாமல் பேசுகிறதைப் பார்" என்று கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. வாளியோடு வந்த பையன் இம்முறை நகரவில்லை. இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு, "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டான்.